பால் விலை கூடினால் தயிர் விலையை எப்படிச் சொல்வது?
கடைக்காரருக்கு விலை மாற்றம் அறிவிக்கும் செய்தியைக் கணக்கோடு எழுதும் பாடம்

ஊர் திரும்பிய பிறகு மண்டூரிலும் அயல் கிராமங்களிலும் சில குடும்பங்கள் பட்டிக்காரரிடம் எருமைப் பால் வாங்கி, தயிர் போட்டு, களுவாஞ்சிகுடிப் பக்கக் கடைகளுக்குக் கொடுத்து வருகின்றன. ஒரு கடை கிழமைதோறும் எடுத்தால்தான் தொழில் நிற்கும். அதனால் பால் விலை ஏறும்போது பலர் வாயைத் திறப்பதில்லை. கேட்டால் கடை கைவிட்டுப்போகுமோ என்ற பயம். கடைசியில் தாங்க முடியாமல் ஒருநாள் திடீரென்று ஒரு பெரிய தொகையைச் சொல்லிவிடுகிறார்கள். அப்போதுதான் உண்மையாகவே கடை கைவிட்டுப்போகிறது.

இந்தப் பாடம் அந்த ஒரு செய்தியைப் பற்றியது. எவ்வளவு கூட்ட வேண்டும் என்று முதலில் கணக்குப் பார்ப்போம். பிறகு அதைக் கடைக்காரருக்கு எழுதுவோம். எழுதியதைத் திருத்துவோம். கீழே வரும் விலைகள் கணக்கு விளங்குவதற்காக வைத்த எண்கள். உங்கள் கொப்பியில் உள்ள எண்களை அவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

1. ஒரு சட்டித் தயிருக்குள் என்ன இருக்கிறது?

ஒரு லீற்றர் தயிர்ச் சட்டியைக் கடைக்கு 350 ரூபாவுக்குக் கொடுக்கிறீர்கள் என்று வைப்போம். கிழமைக்கு இரண்டு நடை, செவ்வாயும் வெள்ளியும். நடைக்கு 30 சட்டி. மொத்தம் 60 சட்டி.

முதலில் பால். லீற்றர் 180 ரூபா. ஒரு லீற்றர் பாலில் ஒரு லீற்றர் தயிர் வரும் என்று நினைத்தால் கணக்கு இங்கேயே பிழைத்துவிடும். காய்ச்சும்போது பால் வற்றும், ஆடை பானையில் ஒட்டும், கொஞ்சம் சிந்தும். 10 லீற்றர் பாலில் 9 சட்டி நிறைகிறது என்று வைத்தால், 1800 ரூபாப் பால் 9 சட்டிக்குப் போகிறது. ஆகவே சட்டிக்குப் பால் செலவு 200 ரூபா. உங்கள் வீட்டில் எத்தனை சட்டி நிறைகிறது என்பதை மூன்று தடவை அளந்து கொப்பியில் எழுதுங்கள். விறகடுப்பின் சூட்டுக்கும் பாலின் தடிப்புக்கும் ஏற்ப இது வீட்டுக்கு வீடு மாறும்.

இரண்டாவது மண்சட்டி. ஒன்று 48 ரூபா. 25 சட்டி வாங்கினால் ஒன்றாவது வழியில் உடையும், அல்லது கீறல் விட்டுக் கசியும். 25 சட்டிக்குக் கொடுத்த 1200 ரூபாவை மிஞ்சிய 24 சட்டியும் சுமக்க வேண்டும். ஆகவே ஒரு சட்டிக்கு 50 ரூபா.

மூன்றாவது விறகு, உறைத் தயிர், மூடும் தாள், நூல். இவை எல்லாம் சேர்ந்து 20 ரூபா.

நான்காவது போக்குவரத்து. குருமண்வெளிக்குப் பாதையில் கடந்து, அங்கிருந்து கடைக்குப் போக நடைக்கு 300 ரூபா செலவு என்றால், 30 சட்டிக்குப் பிரிக்கும்போது சட்டிக்கு 10 ரூபா.

இவற்றைக் கூட்டினால் 280 ரூபா. மீதி 70 ரூபா உங்கள் கூலியும் இலாபமும். கிழமைக்கு 60 சட்டிக்கு 4200 ரூபா.

2. இப்போது விலை கூடுகிறது

பட்டிக்காரர் பாலை லீற்றர் 207 ரூபா என்கிறார். 27 ரூபா கூடிவிட்டது, அதாவது 15 வீதம். மண்சட்டியும் 48 இலிருந்து 60 ரூபாவாகிவிட்டது. மற்றவை மாறவில்லை.

பால்: 10 லீற்றர் 2070 ரூபா. 9 சட்டிக்குப் பிரித்தால் 230. முன்பு 200. சட்டிக்கு 30 ரூபா கூடுதல்.

மண்சட்டி: 25 சட்டி 1500 ரூபா. 24 க்குப் பிரித்தால் 62.50. முன்பு 50. சட்டிக்கு 12.50 கூடுதல்.

மொத்தம் 42.50 ரூபா. நீங்கள் பேசாமல் பழைய 350 ரூபாவுக்கே கொடுத்தால், சட்டிக்கு உங்கள் கையில் நிற்பது 27.50 ரூபா. கிழமைக்கு 4200 ரூபா உழைத்தவர் 1650 ரூபா உழைப்பார். வேலை அதே வேலைதான். கணக்குப் பார்க்காதவருக்கு இது உடனே தெரியாது. பால் காசு கொடுக்கக் கையில் காசு போதாத நாளில்தான் தெரியும்.

இந்த நிலையில் சிலர் விலையைக் கேட்காமல் பாலில் தண்ணீர் சேர்த்துச் சமாளிக்கப் பார்க்கிறார்கள். தண்ணீர் சேர்த்த தயிர் இறுகாது. கரண்டி வைத்ததும் நீர் பிரிந்து நிற்கும். கடைக்காரருக்கு முன்பே வாடிக்கையாளர் அதைக் கண்டுபிடிப்பார்.

3. முதல் எழுத்து

இப்படி ஒரு செய்தி தொலைபேசியில் எழுதப்படுகிறது:

"முதலாளி, இப்ப எல்லாச் சாமானும் விலை ஏறிட்டு. எங்களுக்கு ஒண்டும் மிஞ்சுதில்ல, பிள்ளைகளையும் படிப்பிக்கணும். பால் 15 வீதம் கூடிட்டு. அதால நாளையில இருந்து தயிர் 405 ரூபா. கோவிக்காதீங்க."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கடைக்காரரின் இடத்தில் இருந்து வாசித்துப் பாருங்கள்.

"எல்லாச் சாமானும்" என்ற சொல்லை அவர் நிறையவே கேட்டிருக்கிறார். 2022 ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டின் தொடக்கத்தில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபா. மே 24 இல் 420, ஜூன் 26 இல் 470. ஒவ்வொரு தடவையும் சாமான் கொண்டுவந்தவர்கள் எல்லோரும் பெற்றோலைச் சொல்லி விலையைக் கூட்டினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் பெற்றோல் 370 ரூபாவுக்கு இறங்கியது. கூட்டியவர்களில் எத்தனை பேர் குறைத்தார்கள் என்பது கடைக்காரருக்கு ஞாபகம் இருக்கும். ஆகவே பொதுவாகச் சொல்லும் காரணத்தை அவர் காரணமாக எடுப்பதில்லை.

அடுத்தது 15 வீதம். இதுதான் இந்தச் செய்தியின் பெரிய பிழை. எழுதியவர் 350 ரூபாவுக்கு 15 வீதம் பார்த்து, 402.50 என்று கண்டு, 405 ஆக்கிவிட்டார். ஆனால் 15 வீதம் கூடியது பால் மட்டும். 350 ரூபாவில் பால் 200 ரூபாதான். விறகுக்கும் போக்குவரத்துக்கும் உங்கள் கூலிக்கும் 15 வீதம் கூடவில்லை. பால் விலை கடைக்காரருக்கும் தெரியும். "பால் லீற்றருக்கு 27 ரூபா கூடியிருக்கிறது, நீங்கள் 55 ரூபா கேட்கிறீர்கள், அது எப்படி?" என்று அவர் கேட்டால் பதில் இல்லை. உண்மையாகவே 42.50 கூடியிருந்தும், மண்சட்டியைச் சொல்லாமல் விட்டு வீதத்தைச் சொன்னதால், நேர்மையானவர் ஏமாற்றுபவர்போலத் தோன்றுகிறார்.

வீதத்தை விட்டுவிட்டு ரூபாவில் சொல்லுங்கள். ஒரு சட்டிக்கு எது எத்தனை ரூபா கூடியது என்பதே கடைக்காரர் சரிபார்க்கக்கூடிய எண்.

"நாளையில இருந்து" என்பதும் இடிக்கும். கடைக்காரர் தன் வாடிக்கையாளருக்கு விலை சொல்லியிருப்பார். உங்கள் சட்டியின் மூடியில் விலை அச்சிட்ட தாள் ஒட்டினால் இன்னும் கவனம் தேவை. பொருளில் குறித்த விலையைவிடக் கூடுதலாக விற்பது பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி குற்றம். பழைய தாளோடு சட்டியைக் கொடுத்துவிட்டுப் புதிய விலை கேட்டால், மாட்டிக்கொள்பவர் கடைக்காரர்.

பிள்ளைகளின் படிப்பு உண்மையான கஷ்டம். ஆனாலும் அதைச் செய்தியில் எழுதவேண்டாம். அதை எழுதினால் கடைக்காரர் உதவி செய்வதா விடுவதா என்று யோசிப்பார். நீங்கள் கேட்பது உதவி அல்ல, பாலுக்கும் சட்டிக்கும் கொடுத்த காசு.

4. எழுதுவதற்கு முன் மூன்று முடிவுகள்

முதலாவது, விலை. கணக்கு 392.50 என்கிறது. 395 ஆக்கலாம், 390 ஆகவும் நிறுத்தலாம். 390 என்றால் சட்டிக்கு 2.50 ரூபாவை நீங்கள் தாங்குகிறீர்கள். கிழமைக்கு 150 ரூபா. கூடியதைவிடக் குறைவாகக் கேட்கிறீர்கள் என்பதைக் கணக்கே காட்டும். இந்தப் பாடத்தில் 390 ஐ எடுத்துக்கொள்வோம்.

இரண்டாவது, எந்த நாளில் இருந்து. இரண்டு நடையைப் பழைய விலைக்கே கொடுப்பது என்று முடிவெடுத்தால், 60 சட்டிக்கு 42.50 வீதம் 2550 ரூபா உங்கள் கையிலிருந்து போகும். அவகாசம் கொடுப்பதன் விலை இதுதான். அது தாங்காது என்றால் ஒரு நடை மட்டும் கொடுங்கள். பால் விலை கூடப்போகிறது என்று பட்டிக்காரர் சொன்ன அன்றே செய்தியை அனுப்பினால் இந்த இழப்புக் குறையும்.

மூன்றாவது, ஒரே ஏற்றத்தை இரண்டு தடவை எண்ணுகிறீர்களா என்று பாருங்கள். பெற்றோல் ஏறியதால்தான் பட்டிக்காரர் பால் விலையைக் கூட்டினார் என்றால், அந்தப் பெற்றோல் 27 ரூபாவுக்குள் வந்துவிட்டது. அதைத் தனியாக இன்னொரு தடவை சேர்க்கக்கூடாது. உங்கள் சொந்தப் போக்குவரத்துச் செலவு கூடியிருந்தால் அதைச் சேர்க்கலாம். ஆனால் அது சட்டிக்கு 10 ரூபாதான். அந்தச் செலவு முழுவதும் இரு மடங்கானாலும் சட்டிக்குக் கூடுவது 10 ரூபாவுக்கு மேல் போகாது.

திருவிழாக் காலத்துக்கும் ஒரு சொல். மண்டூர் முருகன் கோயில் திருவிழா நாட்களில் தயிருக்குக் கேள்வி கூடும். அப்போது கூடுதல் விலை கேட்பது வேறு பேச்சு. அதைப் பால் விலை என்று சொல்லிக் கேட்டால், திருவிழா முடிந்ததும் உங்கள் கணக்கை யாரும் நம்பமாட்டார்கள்.

5. திருத்திய செய்தி

"வணக்கம் முதலாளி. மண்டூரில் இருந்து தயிர் தருகிறவன்.

ஒரு லீற்றர் தயிர்ச் சட்டி இப்போது 350 ரூபா. வரும் 16 ஆம் திகதி செவ்வாய்க்கிழமை தொடக்கம் 390 ரூபா. 9 ஆம், 12 ஆம் திகதி நடைகள் பழைய விலைதான்.

பால் லீற்றர் 180 இலிருந்து 207 ரூபாவாகிவிட்டது. காய்ச்ச வற்றுவதால் 10 லீற்றருக்கு 9 சட்டிதான் வரும். அதனால் சட்டிக்கு 30 ரூபா கூடுகிறது.

மண்சட்டி 48 இலிருந்து 60 ரூபா. உடைவதையும் சேர்த்து 12.50 கூடுகிறது.

மொத்தம் 42.50. நான் 40 ரூபாதான் கூட்டுகிறேன். வேறு எதற்கும் கூட்டவில்லை. சட்டியின் அளவும் பாலும் முந்தியது போலத்தான்.

பால் விலை இறங்கினால் நானும் இறக்குவேன். லீற்றருக்கு 9 ரூபா குறைந்தால் சட்டிக்கு 10 ரூபா குறைப்பேன்.

16 ஆம் திகதியும் 30 சட்டி தானே? 13 ஆம் திகதி சனிக்கிழமைக்குள் சொன்னால் பாலுக்குச் சொல்லிவைப்பேன்."

என்ன மாறியது என்று பாருங்கள். கடைக்காரர் முதலில் தேடுவது புதிய விலையும் திகதியும். அவை மேலேயே வந்துவிட்டன. கூடியவை இரண்டும் பெயரோடும் பழைய விலை, புதிய விலையோடும் நிற்கின்றன. 27 எப்படி 30 ஆனது, 12 எப்படி 12.50 ஆனது என்ற கேள்விகளுக்கு, அவர் கேட்கும் முன்பே பதில் இருக்கிறது. கூடாதவற்றுக்குக் கூட்டவில்லை என்ற ஒரு வரி, கூடியவற்றை நம்பவைக்கிறது. கடைசிக் கேள்வி, விலையைப் பற்றிய வாதத்தை எழுப்பாமல், எத்தனை சட்டி என்ற வழமையான பேச்சுக்கு அவரைக் கொண்டுவருகிறது.

உங்கள் 70 ரூபாவைச் செய்தியில் எழுதவில்லை என்பதையும் கவனியுங்கள். கூடிய செலவைக் காட்டக் கூடியவற்றின் கணக்கு போதும். முழுக் கணக்கையும் அனுப்பினால் பேச்சு பாலை விட்டு உங்கள் கூலியின் மேல் திரும்பும்.

பால் இறங்கினால் இறக்குவேன் என்ற வரியை எழுதினால் அதைச் செய்யவேண்டும். செய்ய மனமில்லை என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

வட்ஸ்அப்பில் அனுப்பினால், மண்சட்டி வாங்கிய துண்டைப் படம் எடுத்துச் சேர்த்து அனுப்பலாம். பட்டிக்காரர் துண்டு தராவிட்டால், திகதியும் லீற்றரும் விலையும் எழுதிய கொப்பிப் பக்கம் போதும். அனுப்பிய பிறகு, அடுத்த நடையில் நேரிலும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். குரல் பதிவாக மட்டும் அனுப்பவேண்டாம். எண்களை அவர் திரும்பப் பார்க்கவேண்டும், வீட்டில் கணக்குப் பார்ப்பவருக்கும் காட்டவேண்டும்.

6. கடைக்காரர் திருப்பிக் கேட்டால்

"அடுத்த ஊரில் 370 க்குத் தருகிறார்களே" என்று அவர் கேட்கலாம். கோபப்படாமல் அந்தச் சட்டியின் அளவைக் கேளுங்கள். பார்வைக்கு ஒரே அளவாக இருக்கும் சட்டிகளில் ஒன்று லீற்றரும் மற்றது 900 மில்லிலீற்றரும் கொள்ளலாம். தண்ணீர் ஊற்றி அளந்தால் தெரிந்துவிடும். 900 மில்லிலீற்றர் சட்டி 370 ரூபா என்றால் லீற்றருக்கு 411 ரூபா விழுகிறது. உங்களுடையதே மலிவு.

அளவும் ஒன்றுதான் என்றால் உங்கள் கணக்குக்குத் திரும்புங்கள். புதிய செலவு சட்டிக்கு 322.50. 390 க்குக் கொடுத்தால் கையில் 67.50, கிழமைக்கு 4050 ரூபா. 370 க்குக் கொடுத்தால் 47.50, கிழமைக்கு 2850 ரூபா. அந்த 1200 ரூபா வித்தியாசத்தைத் தாங்க முடியுமா என்பதை வீட்டிலேயே முடிவெடுத்துவிட்டுப் போங்கள். கடை வாசலில் முடிவெடுக்கவேண்டாம்.

"40 சட்டி எடுக்கிறேன், குறைத்துத் தா" என்றும் கேட்கலாம். நடைச் செலவு 300 ரூபாவை 40 க்குப் பிரித்தால் சட்டிக்கு 7.50. மிச்சம் 2.50 ரூபாதான். ஆகவே கூட எடுப்பதற்காக 10, 15 ரூபா குறைக்க இந்தக் கணக்கில் இடமில்லை. 2 ரூபா குறைக்கலாம். ஆனால் 40 சட்டியும் அவர் கடையில் விற்றுத் தீருமா, புளித்துத் திரும்பி வருமா என்பதையும் கேளுங்கள்.

அவருடைய பக்கக் கணக்கும் உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். 350 க்கு வாங்கி 400 க்கு விற்றவர் சட்டிக்கு 50 ரூபா எடுக்கிறார். 390 க்கு வாங்கி 400 க்கே விற்றால் அவருக்கு 10 ரூபாதான் மிஞ்சும். ஆகவே அவர் விற்கும் விலை 440 ஆக வேண்டியிருக்கும். வாடிக்கையாளர் அந்த விலைக்கு வாங்குவாரா என்பதே அவருடைய உண்மையான பயம். முதல் இரண்டு நடையில் விற்பனை குறைந்தால் எத்தனை சட்டி குறைக்கலாம் என்பதை முன்பே பேசிவைப்பது இருவருக்கும் நல்லது.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவேண்டாம், நீங்களும் கேட்கவேண்டாம். கடையில் நிற்கும் பழைய கடன் பழைய விலைக்கே உரியது. புதிய விலை 16 ஆம் திகதி கொடுக்கும் சட்டியில் இருந்துதான் தொடங்கும்.

7. நீங்களே செய்து பாருங்கள்

இரண்டு மாதம் கழித்துப் பால் லீற்றர் 207 இலிருந்து 198 ரூபாவுக்கு இறங்குகிறது. அதே கிழமையில் மண்சட்டி 60 இலிருந்து 72 ரூபாவாகிறது. தயிர் விலையை மாற்ற வேண்டுமா?

விடை: பாலில் 9 ரூபா குறைந்ததால் சட்டிக்கு 10 ரூபா குறைகிறது. மண்சட்டியில் 12 ரூபா கூடியதால், உடைவையும் சேர்த்து 12.50 கூடுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 2.50 ரூபாதான் கூடுதல். இதற்காக விலையை மாற்றவேண்டாம். ஆனால் பால் இறங்கினால் இறக்குவேன் என்று எழுதிக்கொடுத்திருக்கிறீர்கள். ஆகவே ஒரு செய்தி அனுப்பத்தான் வேண்டும்: "முதலாளி, பால் இறங்கியதால் 10 ரூபா குறைகிறது. ஆனால் மண்சட்டி 72 ரூபாவாகி 12.50 கூடிவிட்டது. அதனால் விலை 390 தான், மாற்றமில்லை." கடைக்காரர் பால் இறங்கியதை வேறொருவரிடம் கேட்டறிவதற்கு முன்பு இது அவர் கையில் இருக்கவேண்டும்.